6 மீட்டர் ட்ரஸ், 8 மி.மீ. கசெட்: ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம்?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களத்தில் 6 மீட்டர் அகலத்துக்கு ஷீட் போட்ட ஒரு ஷெட் வேண்டியிருந்தது. சந்து குறுகல். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸை முழுசாகப் பட்டறையிலேயே வெல்ட் செய்து லாரியில் கொண்டுவர வழியில்லை. அதனால் எல் வடிவ இரும்புகளான ஆங்கிள்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து, இங்கே கசெட் பிளேட் என்ற இணைப்புத் தகட்டில் போல்ட் போட்டுச் சேர்ப்பது என்று முடிவானது. போல்ட் என்றதும் ஒவ்வொரு ஓட்டையும் எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். வெல்டிங்கில் 5 மி.மீ. முன்னே பின்னே போனால் சமாளித்துக்கொள்ளலாம், போல்ட்டில் முடியாது. அதற்காக ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் ட்ரஸ்ஸை ஓட்டை வரைக்கும் மாடல் செய்தேன். அந்த வேலையின் பதிவு இது.

வடிவம் எளிமையானது. அகலம் 6 மீட்டர், நடு உயரம் 1.5 மீட்டர். கீழே ஒரு டை, மேலே இரண்டு ராஃப்டர், நடுவில் ஒரு செங்குத்து, அதன் அடியிலிருந்து ராஃப்டர்களின் நடுப்புள்ளிக்குப் போகும் இரண்டு ஸ்ட்ரட். 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஏற்றம் என்பதால் சாய்வு 26.57 டிகிரி. ஸ்ட்ரட்டும் அதே சாய்வில்தான் வருகிறது, எதிர்த் திசையில். ட்ரஸ்களுக்கு இடையே 4 மீட்டர். பாதுகாப்புக் காரணி சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்று எடுத்தால் டையில் சுமார் 27, ராஃப்டரின் கீழ்ப்பாதியில் 30, ஸ்ட்ரட்டில் 10 கிலோநியூட்டன் வருகின்றன. காற்று கூரையைத் தூக்கும்போது இந்த விசைகள் திசை மாறும். அந்தக் கணக்கை ஒரு பொறியாளர் தனியாகப் பார்த்துக் கொடுத்தார், இங்கே அதற்குள் போகவில்லை.

விசைகள் சின்னவை. 4.6 தரத்து எம்16 போல்ட் ஒன்று ஒற்றை வெட்டில் 29 கிலோநியூட்டன் தாங்கும். கசெட்டின் இருபுறமும் ஆங்கிள் வரும் டையிலும் ராஃப்டரிலும் இரட்டை வெட்டு, அதாவது 58. கணக்குப்படி ஒரு போல்ட்டே போதும். ஒற்றை போல்ட்டில் உறுப்பு சுழலும் என்பதால் முனைக்கு இரண்டு. ஆக, இந்த ட்ரஸ்ஸில் ஆங்கிளின் அளவையும் கசெட்டின் வடிவத்தையும் தீர்மானிப்பது விசை இல்லை. ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே விட வேண்டிய இடம்தான் தீர்மானிக்கிறது.

எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007 இதை நேராகவே சொல்கிறது. ஓட்டையின் மையத்திலிருந்து விளிம்பு வரை இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம், விளிம்பு எப்படி உருவானது என்பதைப் பொறுத்தது. ஷியரிங் மெஷினில் வெட்டியதோ கையால் கேஸ் கட்டிங் செய்ததோ என்றால் ஓட்டை விட்டத்தைப் போல 1.7 மடங்கு. ரோலிங்கில் வந்த விளிம்பு, மெஷினில் கேஸ் கட்டிங் செய்தது, ரம்பத்தில் அறுத்தது என்றால் 1.5 மடங்கு. கவனிக்க வேண்டியது, இது போல்ட் விட்டம் இல்லை, ஓட்டை விட்டம். எம்16-க்கு ஓட்டை 18 மி.மீ. அப்படியானால் 1.7 மடங்கு என்பது 30.6, 1.5 மடங்கு என்பது 27. ஒரே ஆங்கிளில் இரண்டு அளவும் உண்டு: நீளவாக்கில் ஓடும் விளிம்பு ரோலிங்கில் வந்தது, பட்டறையில் ஷியரில் துண்டாக்கிய முனை வேறு வகை.

மாடலில் முதலில் இந்த எண்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தேன்.

```
bolt      16
hole      =bolt + 2
e_shear   =ceil(1.7 * hole / 5) * 5
e_roll    =1.5 * hole
pitch     50
gauge     35
gap       10
```

மூன்றாவது வரி 30.6-ஐ 35 ஆக ஏற்றிவிடுகிறது. 5-இன் மடங்கு என்றால் டேப்பில் குறிப்பது சுலபம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: சென்டர் பஞ்ச் அடித்துக் கையால் துளைக்கும் பட்டறையில் ஓட்டை ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது சகஜம். வரைபடத்திலேயே 30.6 என்று போட்டால் அந்த நகர்வுக்கு இடமே இருக்காது. இரண்டு போல்ட்டுக்கு நடுவே குறைந்தபட்சம் போல்ட் விட்டத்தின் 2.5 மடங்கு, அதாவது 40 வேண்டும். ஸ்பேனர் தாராளமாகத் திரும்பட்டும் என்று 50 வைத்தேன். `gauge` என்று முழுசாக எழுதியதற்கும் காரணம் உண்டு. `g` என்று வைத்தால் ஃப்ரீகேட் ஏற்காது, அதற்கு அது கிராம். `e` என்றாலும் அதற்குக் கணித மாறிலி.

அடுத்து ஆங்கிள். ஸ்ட்ரட்டுக்கு 50×50×6 போதும் என்றுதான் விசைக் கணக்கு சொன்னது. நீளம் 1677 மி.மீ., அந்த ஆங்கிளின் மிகக் குறைந்த சுழல் ஆரம் 9.6 மி.மீ. வகுத்தால் 175, அனுமதி 180. சரி, பாஸ். ஆனால் அதில் எம்16 ஓட்டையை வைத்துப் பார்த்தால் கதை வேறு. 50 மி.மீ. காலில் ஓட்டைக்கான வழக்கமான கேஜ் கோடு, ஆங்கிளின் வெளிமூலையான முதுகிலிருந்து 28 மி.மீ. அங்கே வைத்தால் வெளி விளிம்புக்கு 22 தான் மிச்சம், வேண்டியது 27. ஓட்டையை உள்ளே தள்ளி முதுகிலிருந்து 23-இல் வைத்தால் விளிம்புத் தூரம் சரியாகிவிடும். இப்போது உள்பக்கம் இடிக்கும். எம்16 வாஷரின் விட்டம் 30, பாதி 15. ஆகவே வாஷரின் ஓரம் முதுகிலிருந்து 8 மி.மீ.யில் வந்து நிற்கும். ஆனால் 6 மி.மீ. தடிமனும், உள்மூலையில் 6 மி.மீ. வளைவும் போக, தட்டையான பரப்பே 12-இல்தான் தொடங்குகிறது. வாஷர் வளைவின் மேல் ஏறிக்கொள்ளும், போல்ட் சாய்ந்து உட்காரும். வாஷரே இல்லாமல் போட்டாலும் நட்டின் மூலை 10-க்குள் வந்துவிடும்.

இது மாடலில் தெரிய வேண்டுமென்றால் உள்மூலை வளைவை வரைந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல ஆங்கிள் மாடல்கள் இரண்டு செவ்வகத்தைச் சேர்த்த மாதிரி கூர்மூலையோடு இருக்கும். அதில் வாஷர் இன்னும் கொஞ்சம் சௌகரியமாக உட்காருவது போலத் தெரியும், நிஜ இரும்பில் உட்காராது.

எம்12 போட்டால் 50-இல் அழகாக அடங்கும்: ஓட்டை 13, தேவை 19.5, இருப்பது 22. விசைக்கும் போதும். ஆனால் ஒரே ட்ரஸ்ஸில் இரண்டு அளவு போல்ட் என்றால் இரண்டு டிரில் பிட், இரண்டு ஸ்பேனர். எம்12-ஐ நீளமான ஸ்பேனரால் இறுக்குகிறவர்கள் கை வேகத்தில் மரையை இழுத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் 65×65×6 ஆக்கிவிட்டேன். அதில் கேஜ் 35, விளிம்புக்கு 30 மிச்சம், தேவை 27. இரண்டு ஸ்ட்ரட்டும் செங்குத்தும் சேர்ந்து ட்ரஸ் ஒன்றுக்குச் சுமார் 6 கிலோ இரும்பு கூடுகிறது. அந்தச் செலவு எனக்குச் சம்மதம்.

இனி மூட்டு. எல்லா மூட்டையும் விவரித்தால் நீண்டுவிடும். டையும் ராஃப்டரும் சுவர்மேல் சந்திக்கும் முனை மூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சிக்கல் அதில்தான். எலும்புக்கூடாக ஒரு ஸ்கெட்ச் போட்டு, அதில் கேஜ் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு வைத்தேன். உறுப்பின் எடைமையக் கோடுகள் சந்திப்பதுதான் கோட்பாட்டுப்படி சுத்தம். 65 ஆங்கிளில் அந்தக் கோடு முதுகிலிருந்து 18 மி.மீ., கேஜ் கோடு 35. இடையே 17 மி.மீ. விலகல். இந்த அளவு விசைக்கு அதனால் வரும் வளைவைப் பொறியாளர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். பட்டறையில் தரையில் சாக் கட்டியால் கோடு போட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஓட்டைக் கோடே அடிப்படைக் கோடாக இருப்பது பெரிய வசதி.

ராஃப்டரின் முதுகு மேலே, ஷீட்டைத் தாங்கும் பர்லினைப் பிடிக்கும் கிளீட் உட்கார அந்தப் பக்கம் வேண்டும். டையின் முதுகு கீழே. ஆக இரண்டின் வெளி விளிம்புகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, ஒவ்வொன்றும் தன் கேஜ் கோட்டிலிருந்து 30 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் கசெட்டின் அதே முகத்தில் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது. ஒன்று விலகியாக வேண்டும். ராஃப்டரை முனைவரை ஓடவிட்டு டையை வெட்டி நிறுத்தினேன். எவ்வளவு தள்ளி? டையின் மேல்மூலை ராஃப்டரின் கீழ் விளிம்பிலிருந்து 10 மி.மீ. விலகி நிற்க வேண்டும் என்றால்,

```
s = (30 + 10 + 30*cos(26.57)) / sin(26.57) = 149.4
```

150 என்று வைத்துக்கொண்டேன். ஓட்டைகள் அதன் பிறகு தானாக விழுகின்றன: சந்திப்புப் புள்ளியிலிருந்து டையில் 185, 235, கசெட் முடிவது 270. ராஃப்டரை 40-இல் தொடங்கியதால் அதன் ஓட்டைகள் 75, 125. சாய்வு குறைந்த ட்ரஸ்களில் முனை கசெட் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதற்கு விடை இந்தச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. சைன் சின்னதாக ஆக ஆக டை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது கசெட்டின் வெளிக்கோடு. அடி விளிம்பு டையின் முதுகோடு சமமாக, கேஜ் கோட்டிலிருந்து 35 கீழே. மேல் விளிம்பு ராஃப்டரின் முதுகோடு சமமாக, 35 மேலே. வலப்பக்கம் இரண்டையும் சேர்க்க ஒரு சாய்கோடு வேண்டும். சந்திப்புப் புள்ளியை (0, 0) என்று வைத்தால் ராஃப்டர் பக்கத்து மேல்மூலை (127.5, 102.9)-இல் வருகிறது. பட்டறைகளில் அடிக்கடி பார்க்கிற வடிவம், அங்கிருந்து நேராக டையின் கேஜ் கோட்டில் கசெட் முடியும் இடத்துக்கு, அதாவது (270, 0)-க்கு, ஒரே வெட்டு. பார்க்க லட்சணமாக இருக்கும், தகடும் மிச்சம். ஸ்கெட்ச்சில் கடைசி ஓட்டைக்கும் தகட்டின் முனைக்கும் 35 என்றே அளவு காட்டுகிறது. ஒன்றும் தவறில்லை போலத்தான் இருக்கும்.

அந்த 35 கிடைமட்ட அளவு. விளிம்பு சாய்ந்திருக்கிறது, ஆகவே ஓட்டை மையத்திலிருந்து அந்தச் சாய்கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அளந்தால் 20.5 மி.மீ. ஓட்டையின் ஆரம் 9 போக, மிஞ்சும் இரும்பு 11.5 மட்டும். 1.7 மடங்கும் இல்லை, 1.5 மடங்கும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டி அடிமூலை வரைக்கும் கோட்டை இழுத்தால் அது ஓட்டைக்குள்ளேயே புகுந்துவிடும். அதைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. இந்த 20.5-ஐக் கண் காட்டிக்கொடுக்காது.

தீர்வு சின்னதுதான். வலது விளிம்பைக் கேஜ் கோட்டுக்கு மேலே 20 மி.மீ. நேராக ஏற்றி, (270, 20)-இலிருந்து சாய்கோட்டைத் தொடங்கினால் அதே ஓட்டையின் செங்குத்துத் தூரம் 34.9 ஆகிறது. 20 மி.மீ. ஏற்றத்துக்கு 14 மி.மீ. லாபம். ஃப்ரீகேட் ஸ்கெட்ச்சில் ஓட்டையின் மையப் புள்ளியையும் சாய்கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துத் தூர அளவு போட்டால் அது செங்குத்துத் தூரத்தையே தரும். இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கிடைமட்ட அளவு போட்டால்தான் அந்தப் பொய்யான 35 வரும்.

ஏழெட்டு கசெட்டை இப்படி ஒவ்வொரு ஓட்டையாகப் பார்ப்பது சலிப்பு. தகட்டின் தட்டையான முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓட்டக்கூடிய ஒரு சின்ன மேக்ரோ எழுதிக்கொண்டேன்.

```python
import Part, FreeCADGui as Gui
f = Gui.Selection.getSelectionEx()[0].SubObjects[0]
for w in f.Wires:
    if w.isSame(f.OuterWire):
        continue
    c = w.Edges[0].Curve
    d = 2 * c.Radius
    e = Part.Vertex(c.Center).distToShape(f.OuterWire)[0]
    ok = e >= 1.7 * d - 0.01
    print(round(d, 1), round(e, 1), "சரி" if ok else "குறைவு")
```

ஒவ்வொரு ஓட்டையின் மையத்திலிருந்தும் வெளிக்கோட்டின் மிக அருகிலுள்ள இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று இது சொல்லும். விளிம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. கடைசி 0.01 எதற்கென்றால், சரியாக எல்லையில் நிற்கும் ஓட்டையை 30.5999 என்று கணக்கிட்டுக் குறைவு என்று சொல்லிவிடக்கூடும். ஆங்கிளின் முகத்தில் ஓட்டினால் 1.7-க்குப் பதில் 1.5 போட்டுப் பார்க்க வேண்டும், அங்கே அருகில் இருப்பது ரோலிங் விளிம்பு. துண்டாக்கிய முனைக்கு உள்ள 35-ஐத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதிகபட்ச தூரத்தை இந்த மேக்ரோ பார்க்காது. அதற்கும் வரம்பு உண்டு: 250 தரத்து இரும்பில், வெளிப்பக்கத் தகடுகளில் மெல்லியதன் தடிமனின் 12 மடங்கு, என் 6 மி.மீ. ஆங்கிளுக்கு 72. அதைத் தாண்டினால் தகட்டின் ஓரம் ஆங்கிளோடு ஒட்டாமல் திறந்துகொண்டு ஈரம் புகும்.

ஓட்டைகளை ஆங்கிளில் தனியாக, கசெட்டில் தனியாக வரையவில்லை. எலும்புக்கூட்டு ஸ்கெட்ச்சில் ஓட்டை மையங்களைப் புள்ளிகளாக வைத்து, அதிலிருந்து 18 மி.மீ. உருளைகள் எழுப்பி, அதே உருளைகளால் கசெட்டையும் இரண்டு ஆங்கிள்களையும் வெட்டினேன். `pitch`-ஐ மாற்றினால் மூன்றிலும் சேர்ந்தே நகரும். ஜோடி ஆங்கிள்களில் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே துண்டை நகலெடுத்துத் திருப்பிப் போட்டால் கேஜ் கோடு பொருந்தும், முதுகு தவறான பக்கம் வந்துவிடும். கட்டிங் பட்டியலில் இடது, வலது என்று தனித்தனி எண் கொடுத்தேன்.

அச்சிட்ட வரைபடத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி மேல் விளிம்பைப் பற்றியது. "கசெட்டை முதுகோட சமமா வைக்காதீங்க சார், அஞ்சு மி.மீ. உள்ள வாங்கிடலாம். இல்லைன்னா தகடு துருத்திக்கிட்டு கிளீட் சரியா படியாது." அவர் சொல்வது நியாயம்தான். கொஞ்சம் உள்வாங்கினால் தகட்டின் வெட்டு ஒழுங்கில்லாவிட்டாலும் மேலே துருத்தாது. ஆனால் அந்த 5 மி.மீ. நேராக விளிம்புத் தூரத்திலிருந்து கழிகிறது: 35 போய் 30. ஷியரில் வெட்டிய தகட்டுக்குத் தேவை 30.6. ஸ்ப்ரெட்ஷீட்டில் உள்வாங்கலுக்கு ஒரு வரி சேர்த்து, 5 கொடுத்து மேக்ரோவை ஓட்டினேன். ராஃப்டர் ஓட்டைகள் இரண்டுக்கும் 30.0 குறைவு என்று வந்தது.

0.6 மி.மீ. தானே என்று விடலாமா? விசைக்காக மட்டும் என்றால் விடலாம். போல்ட்டுக்கு 15 கிலோநியூட்டன்தான் வருகிறது. விசையின் திசையில் உள்ள முனைத் தூரம் 35 இருக்கும் வரை தகடு அதைப் போல நாலு மடங்குக்கு மேல் தாங்கும். ஆனால் 30 என்பது வரைபடத்து எண். டிரில் நகர்வும் சேர்ந்தால் அது 28 ஆகிவிடும். 1.7 என்று விதி கூட்டிக் கேட்பதே ஷியர் வெட்டிய ஓரம் கடினமாகி, பிசிறும் நுண்விரிசலுமாக இருக்கும் என்பதால்தான். அதனால் எண்ணைத் தொடாமல் வெட்டும் முறையை மாற்றினோம். கசெட்கள் எல்லாம் மெஷின் கேஸ் கட்டிங், வெட்டிய ஓரத்தைக் கிரைண்டரில் சுத்தம் செய்வது. அப்போது தேவை 27, இருப்பது 30. நகர்வுக்கு 3 மி.மீ. மிச்சம். வரைபடத்தில் ஒவ்வொரு கசெட்டுக்கும் பக்கத்தில் வெட்டும் முறையை எழுதிவிட்டேன். அது இல்லாமல் விளிம்புத் தூரம் என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை.

மற்ற மூட்டுகளில் அதிக வேலை இல்லை. அடி நடு மூட்டில் ஸ்ட்ரட் டையோடு சேரும் கோணமும் 26.57 என்பதால் அதே 150 அங்கேயும் பொருந்தியது. உச்சியில் கோணங்கள் அகலம், எதுவும் இடிக்கவில்லை.

வந்த தகடுகளைச் சரிபார்க்க ஓட்டை மையத்தைத் தேட வேண்டியதில்லை. வெர்னியரை ஓட்டையின் உள்ஓரத்துக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே வைத்து, மிகக் குறைவாகக் காட்டும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த எண்ணோடு ஆரம் 9-ஐக் கூட்டினால் விளிம்புத் தூரம். எங்கள் கசெட்களுக்கு 18-க்குக் குறையக் கூடாது. ஷியரில் வெட்டிய ஆங்கிள் முனைகளுக்கு 21.6. பட்டறைச் சுவரில் அந்த இரண்டு எண்ணையும் சாக் கட்டியால் எழுதி வைத்தார்கள். ஒரு டை ஆங்கிளின் முனை 20.5 காட்டியது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த நீளத்திலிருந்து ஒன்று வெட்டிக்கொண்டார்கள். ஒதுக்கியது செங்குத்துக்கு ஆனது.